பிரசவ விடுப்புக் கடிதம்: எந்தத் தேதி, யாரிடம் வேலை, போனை எடுப்பதா வேண்டாமா?

பிரசவ விடுப்புக்கு மாதிரிக் கடிதம் தேடினால் நூறு கிடைக்கும். எல்லாவற்றிலும் மூன்று இடம் காலியாக இருக்கும்: எந்தத் தேதியிலிருந்து, வேலையை யார் பார்ப்பார்கள், இடையில் உங்களைப் பிடிக்க முடியுமா. பெரும்பாலானவர்கள் தேதியை முதலில் எழுதிவிட்டு மற்ற இரண்டையும் ஏதோ இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். "அவசரமென்றால் எந்த நேரமும் அழைக்கலாம்" என்ற வரி அப்படி வந்து விழுவதுதான். நான் இதைத் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். வேலை எந்த நாளில் முழுசாகக் கைமாறும் என்பதை முதலில் தீர்மானித்தால், விடுப்புத் தேதி அதிலிருந்து வரும், போன் விஷயம் பாதி தீர்ந்துவிடும்.

பொதுவாகப் பேசினால் பிடிபடாது, ஒரு ஆளை வைத்தே பார்ப்போம். கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு பார்ட்னர்ஷிப் கம்பெனி. அங்கே அக்கவுண்ட்ஸ் முழுவதையும் பார்க்கும் ஒரு பெண், அவருக்குக் கீழே ஒரு ஜூனியர், வெளியே ஒரு ஆடிட்டர் ஆபீஸ். தலைப்பிரசவம். டாக்டர் சொன்ன தேதி 2026 அக்டோபர் 14, புதன்கிழமை. தாய்வீடு உடுமலை.

சட்டத்தில் இவருக்குத் தேவையானது கொஞ்சம்தான். 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தில் 2017இல் வந்த திருத்தத்தால் சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு உண்டு. இந்த விதிகள் இப்போது 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டன. அந்த 26 வாரத்தில் அதிகபட்சம் 8 வாரம் மட்டுமே பிரசவத் தேதிக்கு முன்னால் எடுக்கலாம். டாக்டர் சொன்ன தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாளாவது அந்தக் கம்பெனியில் வேலை செய்திருக்க வேண்டும். உயிரோடு இருக்கும் இரண்டு குழந்தைகள் ஏற்கெனவே இருந்தால் மொத்தமே 12 வாரம்தான், அதில் முன்னால் 6. சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இஎஸ்ஐயில் இருப்பவர்களுக்குப் பணம் கம்பெனியிடமிருந்து வராது, இஎஸ்ஐயிலிருந்து வரும். ஆனால் கம்பெனிக்குக் கடிதம் கொடுப்பது அவர்களுக்கும் உண்டு.

26 வாரம் என்றால் 182 நாள், ஞாயிறும் பண்டிகையும் சேர்த்து. முன்னால் எடுக்கும் ஒவ்வொரு நாளும் பின்னால் குழந்தையோடு இருக்கும் நாளில் ஒன்றைக் கழிக்கும். இந்தப் பெண்ணுக்கு முன்னால் மூன்று வழி இருக்கிறது.

முதல் வழி, 8 வாரத்தையும் எடுப்பது. ஆகஸ்ட் 19 புதன்கிழமை விடுப்பு தொடங்கும், 2027 பிப்ரவரி 17 அன்று வேலைக்குத் திரும்ப வேண்டும். அன்று குழந்தைக்கு 18 வாரம், அதாவது நான்கு மாதம் முடிந்து சில நாள். தாய்ப்பால் மட்டுமே கொடுக்கச் சொல்லும் ஆறு மாதத்தில் மூன்றில் ஒரு பங்கு அப்போதும் பாக்கி இருக்கும். ரத்த அழுத்தம், சர்க்கரை, இரட்டைக் குழந்தை, பெட் ரெஸ்ட் என்று டாக்டர் சொல்லியிருந்தால் இதில் யோசிக்க எதுவுமில்லை, இதுதான் வழி. கர்ப்பத்தால் வரும் உடல்நலக் கோளாறுக்கு டாக்டர் சான்றிதழோடு இன்னொரு மாதம் வரை சம்பளத்துடன் கேட்கவும் சட்டம் இடம் தருகிறது. அதைப் பலர் கேட்பதே இல்லை.

இரண்டாவது வழி, வலி வரும்வரை வேலைக்குப் போவது. அக்டோபர் 12 திங்கள் முதல் விடுப்பு, 2027 ஏப்ரல் 12 அன்று திரும்புவது. திரும்பும்போது குழந்தைக்குக் கிட்டத்தட்ட ஆறு மாதம் ஆகியிருக்கும். கணக்குக்கு இதுதான் அழகு. ஆனால் டாக்டர் எழுதிய தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் மிகக் குறைவு. 37 வாரம் முடிந்த பிறகு எந்த நாளில் பிறந்தாலும் நிறைமாதக் குழந்தைதான், இவருக்கு அந்த நாள் செப்டம்பர் 23. செப்டம்பர் 23க்கும் அக்டோபர் 12க்கும் இடையே எந்தக் காலையிலும் இவருடைய நாற்காலி காலியாகலாம், மேஜையில் பாதி வேலையோடு. கம்பெனிக்கு மூன்று வழியிலும் ஆபத்தானது இதுதான். "கடைசி நாள் வரை வேலை செய்தாள்" என்று ஓனர் வெளியே பெருமையாகச் சொல்வார், பிறகு ஆஸ்பத்திரி வார்டுக்குப் போன் போடுவார்.

மூன்றாவது வழிக்கு நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். அக்கவுண்ட்ஸ் வேலை மாதம் ஒரு சுற்று சுற்றும். 7ஆம் தேதி டிடிஎஸ் கட்ட வேண்டும், 11ஆம் தேதி விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1, 15ஆம் தேதி பிஎஃப், இஎஸ்ஐ, 20ஆம் தேதி வரி கட்டும் ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-3பி. ஒரு சுற்றைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் போதாது, தன் கையால் ஒரு சுற்று ஓட்டினால்தான் ஜூனியருக்கு வேலை வந்ததாக அர்த்தம். ஆகவே ஆகஸ்ட் மாதச் சுற்றை இவர் செய்ய, ஜூனியர் பக்கத்தில் இருந்து குறிப்பெடுக்கிறார். செப்டம்பர் சுற்றை ஜூனியர் செய்ய, இவர் பக்கத்தில் இருக்கிறார். அந்தச் சுற்று செப்டம்பர் 20இல் முடிகிறது, 37 வாரம் நிறைய இன்னும் மூன்று நாள் இருக்கும்போது. விட்டுப்போனதைச் சரிசெய்ய ஒரு வாரம் வைத்து, செப்டம்பர் 28 திங்கள்கிழமை விடுப்பைத் தொடங்கலாம். குழந்தை 23ஆம் தேதியே வந்துவிட்டாலும் கைமாற்றம் முடிந்திருக்கும். திரும்பும் நாள் 2027 மார்ச் 29, குழந்தைக்கு ஐந்தரை மாதம்.

நான் இந்த மூன்றாவதைத்தான் எடுப்பேன். மார்ச் 29 என்றதும் வருடக் கடைசியில் போய் மாட்டுவதா என்று தோன்றும். அக்கவுண்ட்ஸில் இருப்பவர்களுக்குத் தெரியும், வருடம் மார்ச் 31இல் முடிந்தாலும் அந்த வேலை ஏப்ரல் முழுக்க ஓடும். ஏப்ரலுக்கு ஆள் வந்துவிடும் என்றால் ஓனர் கையெழுத்துப் போடவும் தயங்க மாட்டார்.

இதெல்லாம் தாய்வீடு உடுமலையாக இருப்பதால். காரில் ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். அதுவே திருநெல்வேலி என்றால் நிறைமாதத்தில் அவ்வளவு தூரம் பயணம் செய்ய டாக்டர் சம்மதிக்க மாட்டார். வளைகாப்பு முடிந்த கையோடு அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போகும் வழக்கமும் இருக்கிறது. அப்போது மொத்தத் திட்டத்தையும் ஒரு மாதம் முன்னால் நகர்த்த வேண்டியதுதான்: ஜூலைச் சுற்று பார்ப்பதற்கு, ஆகஸ்ட் சுற்று ஜூனியர் கையால், ஆகஸ்ட் 31 முதல் விடுப்பு, மார்ச் 1 அன்று திரும்புவது. போவதற்கு முன் சில வாரம் அம்மா வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன் என்று கேட்பது இன்னொரு வழி. கம்ப்யூட்டரில் முடிகிற வேலைக்கு அது சரிப்படும். பில் கட்டுகளும் ஸ்டோர்ஸ் ரிஜிஸ்டரும் பக்கத்தில் வேண்டிய வேலைக்குச் சரிப்படாது.

இனி யாரிடம் கொடுப்பது. ஆறு மாதத்துக்குப் புது ஆள் போடுவது பெரிய கம்பெனிக்கு ஒத்துவரும். இந்த அளவுள்ள இடத்தில் புது ஆள் பழகி முடிக்கும்போது இவர் திரும்பி வந்திருப்பார். எல்லாவற்றையும் ஆடிட்டர் ஆபீஸில் தள்ளிவிடலாம், ரிட்டர்ன் நேரத்துக்குப் போய்விடும். ஆனால் எந்த பில் எந்த வேலைக்கு வந்தது என்று அவர்களுக்குத் தெரியாது, கேள்வி கேட்டு இவருக்குத்தான் போன் வரும். எல்லாமே ஜூனியரிடம் என்றால் அவர் ஒரு நாள் காய்ச்சலில் படுத்தாலும் 20ஆம் தேதி தவறும். 3பி ஒரு நாள் தாமதமானால் 50 ரூபாய் அபராதம், அதோடு கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீதக் கணக்கில் வட்டி. தொகை சின்னதுதான், ஆனால் அதைச் சொல்லிக் காட்டுவது ஆறு மாதம் நடக்கும்.

பொறுப்பை நாலு பேருக்குச் சிதறடிப்பதும் எனக்குப் பிடிப்பதில்லை, கடைசியில் யாருடையதும் இல்லாமல் போகும். இரண்டாகப் பிரிப்பது போதும். பில் பதிவு, பேங்க், சம்பளம், ரிட்டர்னுக்கான கணக்குத் தயாரிப்பு எல்லாம் ஜூனியர். அவர் தயாரித்ததைச் சரிபார்ப்பதும், அவர் இல்லாத நாளில் ரிட்டர்ன் போடுவதும் ஆடிட்டர் ஆபீஸ். பேங்கில் பணம் அனுப்பப் பதிவு போடும் மேக்கர் ஜூனியர், அதற்கு ஒப்புதல் தரும் செக்கர் பார்ட்னர், இவருடைய பெயர் அந்த ஆறு மாதத்துக்கு நிறுத்திவைக்கப்படும். பாஸ்வேர்டுகளை டைரியில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். திரும்பி வரும்போது யார் பெயரில் என்ன நடந்தது என்று பிரிக்கவே முடியாது.

ஒப்படைப்புக் குறிப்பில் என்ன எழுதுவது? டாலியில் எந்த மெனு என்று எழுதிக்கொண்டு போனால் நாற்பது பக்கம் வரும், யாரும் படிக்க மாட்டார்கள். மெனு ஜூனியருக்கே தெரியும். இவருடைய தலைக்குள் மட்டும் இருப்பதைத்தான் எழுத வேண்டும். வார்ப்படம் சப்ளை செய்யும் ஒருவர் தன் பில்லை எப்போதுமே தாமதமாகத்தான் ஜிஎஸ்டி போர்ட்டலில் ஏற்றுவார். 9ஆம் தேதி போன் போட்டு ஞாபகப்படுத்தினால் 11க்குள் ஏற்றிவிடுவார். இல்லையென்றால் 14ஆம் தேதி போர்ட்டலில் வரும் கொள்முதல் பட்டியலான 2பியில் அவருடைய பில் இருக்காது, வாங்கியபோது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளும் இன்புட் கிரெடிட் அந்த மாதம் போச்சு, அவ்வளவு பணம் கையிலிருந்து கட்ட வேண்டும். இந்த ஒரு போன் எந்த சாஃப்ட்வேரிலும் பதிவாகவில்லை. இப்படி ஏழெட்டு விஷயம் எல்லோர் தலையிலும் இருக்கும். உட்கார்ந்து யோசித்தால் வராது. ஆகஸ்ட் சுற்று நடக்கும்போது ஜூனியர் "இது ஏன்?" என்று கேட்கும் ஒவ்வொரு முறையும் எழுதிக்கொண்டே வந்தால் குறிப்பு தானாக ஒன்றரைப் பக்கத்தில் நிற்கும்.

அடுத்து போன். இங்கே பலர் நேரத்தை வைத்து யோசிக்கிறார்கள்: காலை பத்திலிருந்து பதினொன்று வரை கிடைப்பேன், மாலை நான்குக்கு மேல் கூப்பிடலாம் என்று. பிறந்த குழந்தை இருக்கும் வீட்டில் அப்படி ஒரு கடிகாரம் கிடையாது. தவிர, "எப்போதும் கிடைப்பேன்" என்பது நல்ல பெயருக்காக எழுதும் வரி என்றாலும் அதில் சட்டச் சிக்கல் ஒன்று உண்டு. பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரம் ஒரு பெண்ணை வேலை வாங்கவே கூடாது, அவர் தானாக முன்வந்தாலும் கூடாது. அதற்குப் பிறகும், அனுமதித்த விடுப்புக் காலத்தில் எந்த நிறுவனத்தில் வேலை செய்தாலும் அந்த நாட்களுக்கான மகப்பேறுப் பணத்துக்கு உரிமை போய்விடும். விடுப்பு அறிவிப்பிலேயே "இந்தக் காலத்தில் எங்கும் வேலை செய்ய மாட்டேன்" என்று உறுதி தர வேண்டியிருக்கிறது. ஒரு கடிதத்தில் அதையும் எழுதி, அடுத்த பத்தியில் "ரிட்டர்ன் வேலையை வீட்டிலிருந்து பார்த்துக்கொள்கிறேன்" என்றும் எழுதினால் ஒன்றை ஒன்று அடிக்கும்.

அதற்காக ஆறு மாதமும் போனை அணைத்துவிடுவதா? முடிகிறவர்கள் தாராளமாகச் செய்யலாம். ஆனால் சின்ன ஆபீஸில் முழு மௌனம் நிற்பதில்லை. கடிதத்தில் ஒன்றும் சொல்லாமல் விட்டால் வாட்ஸ்அப்பில் "சும்மா ஒரு டவுட்" என்று தொடங்கும். என் தேர்வு நடுவில் இருப்பது, நேரத்தை வைத்துப் பிரிக்காமல் கேள்வியின் வகையை வைத்துப் பிரிப்பது. "அந்த ஃபைல் எங்கே, போன வருடம் இதை எப்படிச் செய்தோம்" என்பது கேட்கக்கூடிய கேள்வி. "இதைப் பார்த்து முடித்துக் கொடு" என்பது வேலை, அது வரக்கூடாது. முதல் ஆறு வாரம் எதுவுமே கிடையாது. பிறகு வாரம் ஒரு மெயில், எல்லாக் கேள்வியும் சேர்த்து, ஒரே ஆளிடமிருந்து. முடிந்தபோது பதில். அவசரத்துக்கும் கணவர் எண்ணைக் கொடுக்க வேண்டாம். ஆபீஸ் பேச்சு அந்த வழியாக வீட்டுக்குள் வந்துவிடும்.

இவ்வளவு எழுதியும் ஒரு சின்ன விஷயம் எல்லாவற்றையும் கெடுக்கும்: ஓடிபி. பார்ட்னர்ஷிப் கம்பெனிகளில் ஜிஎஸ்டி போர்ட்டலின் முதன்மைக் கையொப்பதாரருக்கு வரும் ஓடிபியை வைத்துத்தான் பெரும்பாலும் ரிட்டர்ன் போடுகிறார்கள். ஓனர் போனை எடுக்க மாட்டார் என்று அக்கவுண்டன்ட் எண்ணைக் கொடுத்து வைத்திருப்பார்கள். பேங்க் ஓடிபியும் அங்கேயே வரும், மின்கட்டணத் தகவல்கூட. அந்தப் பெண் எவ்வளவு கண்டிப்பாகக் கடிதம் எழுதியிருந்தாலும் அக்டோபர் 20 அன்று, பிரசவமாகி ஒரு வாரம்கூட ஆகாத நிலையில், "ஓடிபி சொல்லும்மா" என்று போன் வரும். அதில் ஓனர் மேல் தப்புச் சொல்ல முடியாது, எண்ணை மாற்றாமல் போனதன் பலன் அது. போர்ட்டலில் எண்ணையும் மெயிலையும் மாற்றுவது அதிகாரி ஒப்புதல் தேவைப்படாத சாதாரணத் திருத்தம், ஆகஸ்டிலேயே முடித்துவிடலாம். செப்டம்பர் சுற்று புது எண்ணில் நடக்க வேண்டும்.

கைமாற்றம் ஆகிவிட்டதா என்று தெரிந்துகொள்ளச் செப்டம்பர் 11 நல்ல நாள். ஜூனியர் ஜிஎஸ்டிஆர்-1 போடும்போது இவர் அதே ஆபீஸில் வேறு அறையில், போனை அணைத்து வைத்து உட்கார்ந்திருக்கட்டும். கதவைத் தட்டிக் கேட்டதெல்லாம் குறிப்பில் விட்டுப்போனவை. இரண்டு மூன்று கேள்வி வந்தால் சரி. பாஸ்வேர்டு, ஓடிபி, "சாரிடம் நீங்களே சொல்லிவிடுங்களேன்" என்ற ரகத்தில் ஒன்று வந்தாலும் இன்னும் வேலை கைமாறவில்லை. 20ஆம் தேதிக்குள் சரிசெய்ய ஒன்பது நாள் இருக்கிறது.

ஆகஸ்ட் சுற்றுக்கு முன் ஆள் ஒதுக்க வேண்டும் என்பதால் கடிதம் ஜூலை நடுவிலேயே போக வேண்டும். வாய்மொழியாக ஓனரிடம் அதற்கு முன்பே சொல்லியிருப்பது நல்லது. கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

"ஐயா, எனக்கு 14.10.2026 அன்று பிரசவம் எதிர்பார்க்கப்படுவதாக மருத்துவர் சான்றளித்துள்ளார், சான்றிதழ் இணைத்துள்ளேன். 28.09.2026 முதல் 28.03.2027 வரை 26 வாரம் மகப்பேறு விடுப்பு வேண்டுகிறேன். 29.03.2027 அன்று பணிக்குத் திரும்புவேன். அதற்கு முன்னரே பிரசவமானால் அல்லது மருத்துவர் ஓய்வு சொன்னால் அன்றிலிருந்தே விடுப்பு தொடங்கும், திரும்பும் தேதியும் அதற்கேற்ப மாறும். இக்காலத்தில் எந்த நிறுவனத்திலும் வேலை செய்ய மாட்டேன். மகப்பேறுப் பணத்தை என் வங்கிக் கணக்கில் செலுத்தவும், என் நியமனதாரர் என் கணவர்.

பில் பதிவு, வங்கி, சம்பளம், ரிட்டர்ன் தயாரிப்பு ஆகியவற்றை ஜூனியர் அக்கவுண்டன்ட் பார்ப்பார். சரிபார்ப்பும் மாற்று ஏற்பாடும் ஆடிட்டர் அலுவலகம். ஆகஸ்ட் மாத வேலைகளை அவர் என்னுடன் இருந்து கற்றுக்கொள்வார், செப்டம்பர் மாத வேலைகளை அவரே செய்வார். ஜிஎஸ்டி, வங்கி ஆகியவற்றில் என் கைபேசி எண்ணை ஆகஸ்ட் 31க்குள் மாற்ற அனுமதி வேண்டும்.

பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் என்னைத் தொடர்புகொள்ள இயலாது. அதன் பிறகு பழைய ஆவணங்கள் குறித்த சந்தேகங்களை வாரம் ஒருமுறை ஒரே மெயிலாக அனுப்பினால், இயன்றபோது பதில் தருவேன்."

"முன்னரே பிரசவமானால்" என்ற வரியை விட்டுவிடக் கூடாது. அது இல்லையென்றால் முன்னால் வராத நாட்களை வேறு விடுப்பில் கழித்துவிடும் இடங்கள் உண்டு. தேதி தாண்டிப் பிறந்தால் மொத்தம் 26 வாரம்தான், அதில் மாற்றமில்லை. பிரசவத்துக்கு முந்தைய காலத்துக்கான பணத்தை முன்கூட்டியே தர வேண்டும், மீதியைப் பிறந்ததற்கான சான்று கொடுத்த 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மாதாமாதம் சம்பளத் தேதியில் வாங்குவதுதான் பெரும்பாலும் நடைமுறை.

கணவருக்கும் ஒரு கடிதம் இருக்கிறது. தனியார் வேலையில் தந்தையர் விடுப்புக்குச் சட்டம் எதுவும் கிடையாது, கம்பெனி விதிதான். மத்திய அரசு ஊழியர்களுக்கு 15 நாள் உண்டு, பிறந்த ஆறு மாதத்துக்குள் எடுத்தாக வேண்டும். எல்லோரும் குழந்தை பிறந்த அன்றே அத்தனையும் எடுத்துவிடுகிறார்கள். மனைவி தாய்வீட்டில், அவர் அம்மாவும் சித்தியும் சூழ இருக்கும்போது அந்த இரண்டு வாரத்தில் மாப்பிள்ளை செய்வது பெரும்பாலும் மருந்துக் கடைக்குப் போய் வருவதும் வந்தவர்களுக்குக் காப்பி வாங்கி வருவதும்தான். சிசேரியன் என்றாலோ, உதவிக்கு வேறு ஆள் இல்லையென்றாலோ அன்றே எடுக்க வேண்டியதுதான். மற்றவர்கள் பிரசவத்துக்கு நான்கைந்து நாள் சொந்த விடுப்பில் சமாளித்துவிட்டு, தந்தையர் விடுப்பை மார்ச் 29 வாரத்துக்கு வைத்துக்கொள்ள முடியுமா என்று பார்க்கலாம். அவள் ஆபீஸுக்குத் திரும்பும் முதல் இரண்டு வாரம்தான் வீட்டில் ஆள் தேவை. அக்டோபர் 14க்கு ஆறு மாதம் ஏப்ரல் 14, ஆகவே குழந்தை சொன்ன தேதியில் பிறந்தால் அரசு விதிக்குள்ளும் அது அடங்கும். கணவர் கடிதத்தில் தேதியைக் குழந்தை பிறந்த பிறகு எழுதுவது நல்லது, முன்னரே பிறந்துவிட்டால் அந்த ஆறு மாதக் கெடுவும் முன்னால் வந்துவிடும். அவருடைய போன் வரியும் ஒரே வரிதான்: அந்த இரண்டு வாரம் பகலில் குழந்தை என்னிடம் இருக்கும், மீட்டிங்குகளில் சேர இயலாது.

திரும்பிய பிறகு வீட்டிலிருந்து வேலை, 15 மாதம் வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை, 50 பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடமென்றால் குழந்தைக் காப்பகம், இவற்றை ஜூலைக் கடிதத்தில் சேர்க்காமல் பிப்ரவரி கடைசியில் தனிக் கடிதமாக அனுப்புவது நல்லது. வீட்டிலிருந்து வேலை இரு தரப்பும் பேசி ஒத்துக்கொள்ள வேண்டியது, மற்றவை கேட்டால் கொடுத்தே ஆக வேண்டியவை. ஒரே தாளில் கலந்து எழுதினால் ஓனர் எல்லாவற்றையும் "பார்க்கலாம்மா" என்ற ஒரே பதிலில் போட்டுவிடுவார்.